கட்டுரைத் திட்டம்: நீதிப்புனராய்வு ஜனநாயகமானதா?

கேள்வி: "நீதிப்புனராய்வு ஜனநாயகத்துக்கு முரணானது." அரசியல்வழி அரசமைப்புவாதத்தையும் சட்டவழி அரசமைப்புவாதத்தையும் ஒப்பிட்டு ஆராய்க. அளவு 2,500 சொற்கள். அடுத்த திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

அக்கா, முதல் வரைவு எழுதும் முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். தர்மபுரி நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது, கையெழுத்தை மன்னிக்கவும்.

என் வாதம் ஒரே வரியில்: தேர்தலில் குரல் எட்டாதவர்களுக்கு வழி திறந்துவிடும்வரை நீதிப்புனராய்வு ஜனநாயகமானது, மக்கள் நேர்மையாகக் கருத்து வேறுபடும் ஒரு விஷயத்தில் இனி பேச்சே கிடையாது என்று நீதிபதிகள் கதவைச் சாத்தும்போது அது ஜனநாயகமாக இல்லை. ஆம், இல்லை என்ற ஒற்றைப் பதிலுக்கு நான் போகவில்லை. அதற்காக "இரண்டிலும் உண்மை இருக்கிறது" என்று நழுவவும் கூடாது.

முன்னுரை (200 சொற்கள்)

சொல்லைத் தெளிவாக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். சீராய்வு மனு வேறு, நீதிப்புனராய்வு வேறு. முன்னது ஒரு நீதிமன்றம் தன் தீர்ப்பையே திரும்பப் பார்ப்பது. பின்னது சட்டத்தையோ அரசின் செயலையோ சோதித்துப் பார்ப்பது. அதிலும் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தை ரத்து செய்வதும், ஓர் அதிகாரியின் உத்தரவை ரத்து செய்வதும் ஒன்றல்ல. இந்தப் பிரிவினைதான் கட்டுரையின் முதுகெலும்பு. கடைசிவரை விடக் கூடாது.

அரசியல்வழி வாதம் (600)

ஆட்சியாளரைக் கட்டுப்படுத்தும் வேலை தேர்தலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது என்பதே இந்த வாதம். முதலில் பிரிட்டிஷ் சட்ட அறிஞர் கிரிஃபித், 1979. உரிமைகள் என்று நாம் சொல்பவை உண்மையில் அரசியல் கோரிக்கைகள்தாம். அவற்றை யார் தீர்ப்பது என்பதே கேள்வி. வாக்கு கேட்டு வந்தவர்களை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். நீதிபதிகளை அப்படி அனுப்ப முடியாது. அரசியல் கோட்பாட்டாளர் பெல்லமியை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம்: சமமானவர்கள் சம வாக்குடன் விவாதித்து முடிவெடுக்கும் நடைமுறைதான் அவருக்கு அரசமைப்பு.

சட்டத் தத்துவ அறிஞர் வால்ட்ரனின் 2006 கட்டுரைக்கு அதிக இடம் கொடுக்கப் போகிறேன். அவருடைய கேலி எனக்கு மிகவும் பிடித்தது: நீதிபதிகளுக்குள் கருத்து வேறுபட்டால் அவர்களும் கையெண்ணித்தான் முடிவெடுக்கிறார்கள். நம் கேசவானந்த பாரதி வழக்கு (1973) இதற்குக் கச்சிதம். பதின்மூன்று பேர், ஏழுக்கு ஆறு. அரசமைப்பின் அடிப்படைக் கூறுகளைத் திருத்தத்தாலும் அழிக்க முடியாது என்ற அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு அந்த ஒரு வாக்கில் நின்றதுதான். பெரும்பான்மை வாக்கெடுப்பு நாடாளுமன்றத்தில் நடந்தால் சந்தேகத்துக்குரியது, நீதிமன்றத்தில் நடந்தால் புனிதமா என்ற கேள்வியை இங்கேயே போட வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இதைவிடப் பக்கமான சான்று செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சாதி, மதப் பிரிவுவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் செல்லாதென்றன. மூன்று மாதத்துக்குள் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) சேர்ந்தது. இடஒதுக்கீட்டைக் காத்தது நாடாளுமன்றம், தடுத்தது நீதிமன்றம். கிரிஃபித் இங்கே பிறந்திருந்தால் இந்த வழக்கோடுதான் தொடங்கியிருப்பார்.

அப்புறம் நெருக்கடி நிலை. 1976 ஆட்கொணர்வு வழக்கில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்களை நான்குக்கு ஒன்று என்று உச்ச நீதிமன்றம் கைவிட்டது, நீதிபதி எச்.ஆர். கன்னா மட்டும் மாறுபட்டார். ஆட்சியை மாற்றியது 1977 தேர்தல். உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் பிரிவை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாதபடி செய்தது 1978இன் 44ஆவது திருத்தம். சட்டவழிக்காரர்கள் இதை எப்போதும் சற்று வேகமாகக் கடந்து போகிறார்கள்.

சட்டவழி வாதம் (450)

உரிமைகளைக் காக்கும் கடைசிப் பொறுப்பை நீதிமன்றத்திடம் தருவது இந்த வாதம். அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞர் டுவொர்க்கின்: ஜனநாயகம் என்பது பெரும்பான்மை மட்டுமல்ல, ஒவ்வொருவரையும் சமமாக நடத்துவதும்தான், அந்த நிபந்தனையைக் காக்கும் நீதிமன்றம் ஜனநாயகத்தின் எதிரி ஆகாது. அமெரிக்கச் சட்ட அறிஞர் ஈலி (1980) சற்று அடக்கமானவர்: அரசியல் வழிகள் அடைபட்டால் அதைத் திறப்பதே நீதிமன்றத்தின் வேலை. என் வாதம் ஈலிக்குத்தான் நெருக்கம். டுவொர்க்கினோடு எனக்குள்ள சங்கடத்தையும் எழுதிவிட வேண்டும்: சமமாக நடத்துவது என்றால் என்ன என்பதிலேயே சண்டை இருக்கும்போது, அதைத் தீர்க்கும் தகுதி நீதிபதிக்கு மட்டும் எப்படி வந்தது?

வாச்சாத்தி (700, இதுதான் மையம்)

வால்ட்ரன் தன் வாதத்துக்குச் சில அனுமானங்கள் வைக்கிறார். அவற்றில் முதலாவது, ஜனநாயக அமைப்புகள் ஓரளவு ஒழுங்காக இயங்குகின்றன என்பது. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று அந்த அனுமானம் எங்கே இருந்தது? சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசுத் தரப்பு மறுத்தது. மலையடிவாரத்துப் பழங்குடி மக்களின் வாக்கு யார் கணக்கையும் மாற்றிவிடாது. 1995இல் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே தேதியில் மேல்முறையீடுகள் தள்ளுபடியாயின.

ஆனால் இங்கே ஏமாந்துவிடக் கூடாது. இந்த வழக்கில் எந்தச் சட்டமும் ரத்தாகவில்லை. அதிகாரிகளின் செயல்தான் கேள்விக்குள்ளானது. வால்ட்ரன் எதிர்ப்பது சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரத்தைத்தான், ஆகவே அவரை இதைக் காட்டி வீழ்த்த முடியாது. காட்ட முடிவது இவ்வளவே: அவருடைய அனுமானம் எல்லா ஊருக்கும் பொருந்தாது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். வழக்கைக் கொண்டுபோனவர்கள் மார்க்சிஸ்ட் கட்சியினரும் பழங்குடியினர் சங்கமும். அரசியல் இல்லாமல் அந்த நீதிமன்றப் படியை யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். இரண்டு அரசமைப்புவாதங்களும் எதிரெதிர் என்ற வகுப்பறைப் படம் இங்கே கலைகிறது.

எதிர்த்திசைச் சான்று உடனே வர வேண்டும். நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99ஆவது திருத்தத்தை இரு அவைகளும் நிறைவேற்றின, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஒப்புதல் தந்தன. 2015இல் நான்குக்கு ஒன்று என்று ரத்தானது. நீதித்துறைச் சுதந்திரம் என்ற காரணம் லேசானதல்ல, சரி. ஆனாலும் நீதிபதிகளை யார் நியமிப்பது என்பதை நீதிபதிகளே கடைசியாகச் சொல்லி, திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்றால், நான் வால்ட்ரன் பக்கம்தான்.

நடுவழி (400)

பிரிட்டனின் 1998 மனித உரிமைச் சட்டத்தில் நீதிமன்றம் ஒரு சட்டத்தை உரிமைகளுக்கு ஒவ்வாதது என்று அறிவிக்கலாம். சட்டம் செல்லாமல் போகாது. 2004 பெல்மார்ஷ் வழக்கில், வெளிநாட்டவரை விசாரணையின்றி அடைத்துவைத்தது ஒவ்வாதது என்றார்கள். 2005இல் நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டை மாற்றியது.

நம்மிடம் அப்படிப் பிரிவு இல்லை, ஆனால் நடப்பில் உரையாடல் உண்டு. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு எருது விடும் விழாவைச் சொன்னால் போதும். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017இல் மக்கள் திரண்டார்கள். சட்டமன்றம் திருத்தச் சட்டம் கொண்டுவந்து எருது விடும் விழாவையும் அதில் சேர்த்தது. 2023இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. திருத்தம் சரியா தவறா என்பதற்குள் போகமாட்டேன், போனால் கட்டுரை காளையோடு ஓடிவிடும். முதல் தீர்ப்பு கடைசித் தீர்ப்பாக நிற்கவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது.

முடிவுரை (150)

புதிய சான்று எதுவும் வேண்டாம். செயலைச் சோதிப்பது, சட்டத்தைச் சோதிப்பது, அரசமைப்புத் திருத்தத்தையே சோதிப்பது: மூன்று படிகளில் மேலே ஏற ஏற ஜனநாயக நியாயம் மெலிகிறது என்று ஒரு பத்தி.

விட்டுவிட்டவை: எட்டு வழிச்சாலை. அரூர் வயல்கள் வழியே போகவிருந்த சாலை என்பதால் மனசு கேட்கவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது, 2020இல் உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆனால் அது பெரும்பாலும் நடைமுறை பற்றிய வழக்கு. உள்ளே இழுத்தால் 300 சொல் போய்விடும். வாச்சாத்திப் பகுதி நீளம் என்று தோன்றினால் சொல்லுங்கள் அக்கா, பெல்லமியை வெட்டிக்கொள்கிறேன்.