புதிய செவிலியரின் பணித்திறன் மதிப்பீடு: முதல் மூன்று மாதமும் அடுத்த மூன்று மாதமும்

பெறுநர்: செவிலியர் கண்காணிப்பாளர்
அனுப்புநர்: வழிகாட்டிச் செவிலியர், ஆண்கள் பொது மருத்துவ வார்டு, கடலூர்
மதிப்பிடப்படுபவர்: செவிலியர் கயல்விழி, பி.எஸ்ஸி. நர்சிங், பணியில் சேர்ந்தது 1 ஜூலை 2025
மதிப்பீட்டுக் காலம்: ஜூலை முதல் செப்டம்பர் 2025 வரை
திட்டக் காலம்: அக்டோபர் முதல் டிசம்பர் 2025 வரை

இந்த மூன்று மாதத்தில் கயல்விழியுடன் நாற்பத்தொரு ஷிஃப்ட் ஒன்றாகப் பணி செய்திருக்கிறேன். அவற்றில் பதினொன்று இரவுப் பணி. நான் நேரில் கண்டதையும் சார்ட்டில் படித்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். மற்றவர்கள் வாய்வழியாகச் சொன்னவற்றைச் சேர்க்கவில்லை. கையெழுத்திடுவதற்கு முன் முழுவதையும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கயல்விழியின் கை நல்ல கை, கண் அதைவிட நல்ல கண். நோயாளியிடம் ஏற்படும் மாற்றம் அவருக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை உரியவரிடம் உடனே சொல்வதில்தான் தயக்கம் இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்துக்கான திட்டம் பெரும்பாலும் இந்த ஒரு குறையைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

கைவேலை

கேனுலா போடுவதைப் பதினெட்டு முறை அருகில் நின்று பார்த்தேன். பதினான்கு முதல் முயற்சியிலேயே அமைந்தன, மூன்று இரண்டாவது முயற்சியில். ஒரு முறை இரண்டு தடவை குத்தியும் கிடைக்காதபோது அவரே நிறுத்திக்கொண்டு என்னை அழைத்தார். புதிதாக வருபவர்கள் பலர் வெட்கப்பட்டு மூன்றாவது, நான்காவது முறை குத்துவார்கள். அதனால் அந்த ஒரு முறையை மற்ற பதினேழைவிட உயர்வாக மதிக்கிறேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவருக்குக் கை நரம்பெல்லாம் ஒடுங்கியிருந்தது. கயல்விழி அவசரப்படவில்லை. அவருடைய கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, அவர் கொல்லையில் என்ன பயிர் என்று கேட்டுக்கொண்டே இரண்டு நிமிடம் காத்திருந்தார். பிறகு விரல் நுனியால் தடவி நரம்பைத் தேடினார். பிளாஸ்திரி ஒட்டும்போதும் ஊசி நுழைந்த இடம் கண்ணுக்குத் தெரியும்படி விட்டார். சிவந்தாலோ வீங்கினாலோ அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு உடனே தெரியும். இதில் அவர் தனியாகச் செய்யத் தகுதி பெற்றுவிட்டார்.

கை கழுவுவது, பயன்படுத்திய ஊசியை மூடி போடாமல் அப்படியே வெள்ளைப் பெட்டியில் போடுவது, மற்றக் கழிவுகளை நிறம் பார்த்துப் பிரிப்பது ஆகியவற்றில் குறை இல்லை.

மருந்து கொடுத்தல்

ஒன்பது மருந்துச் சுற்றுகளில் உடன் சென்றேன். ஆகஸ்டில் வார்டில் ஒரே பெயரில் இருவர், அதுவும் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். நோயாளியின் பெயரைத் தானே சொல்லி ‘நீங்கள்தானே?’ என்று கேட்டால், காது மந்தமானவர்கள் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். கயல்விழி ஒவ்வொரு முறையும் அவர்களையே பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லச் சொல்லி, கைப்பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாத்திரையைக் கொடுத்தார். இதை யாரும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

ஒரு தவறு நடக்கவிருந்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு காலை, 12 யூனிட் இன்சுலின் போட வேண்டியிருந்தது. குப்பி 1 மி.லி.க்கு 40 யூனிட் வகை. தட்டில் இருந்ததோ 100 யூனிட் வகைக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. அதில் 12 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.12 மி.லி., அதாவது ஐந்து யூனிட்டுக்கும் குறைவு. மருந்தை இழுத்த பிறகு மூடியின் நிறத்தைப் பார்த்து அவரே நிறுத்தினார். சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்து வந்து மீண்டும் இழுத்து, என்னிடம் காட்டிய பின்பே போட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பவப் பதிவேட்டிலும் தானே எழுதினார். இரண்டு வகை சிரிஞ்சையும் ஒரே டப்பாவில் போட்டுவைத்திருந்தது வார்டின் குறை, அவருடையது அல்ல. அன்றே டப்பாவைப் பிரித்துவிட்டோம். இழுப்பதற்கு முன்பே குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வர வேண்டும். செப்டம்பரில் நான் பார்த்த எல்லா முறையும் அப்படித்தான் செய்தார்.

வழக்கமான மாத்திரைகளையும் ஊசிகளையும் தனியாகக் கொடுக்கலாம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு ஆகியவற்றுக்கு இரண்டாவது செவிலியர் சரிபார்ப்பது வார்டு விதி. அது அவருக்கு மட்டுமான கட்டுப்பாடு இல்லை.

மாற்றத்தைக் காண்பதும் சொல்வதும்

செப்டம்பரில் ஓர் இரவை இங்கே விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்த இருபத்து நான்கு வயது இளைஞர், டெங்குவின் ஐந்தாவது நாள். அன்று மாலையே காய்ச்சல் இறங்கிவிட்டதால் வீட்டார் நிம்மதியாக இருந்தார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். இரவு பத்து மணிக்கு இரத்த அழுத்தம் 110/76, நாடி 92. இரண்டு மணிக்கு 100/80, நாடி 114. கயல்விழி அதைக் குறித்துவைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே இரண்டரைக்கு மீண்டும் பார்த்திருக்கிறார்: 98/80, நாடி 118. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைவெளி இருபதும் அதற்குக் கீழும் வந்துவிட்டது. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்பதற்கான அறிகுறி அது.

நான் அப்போது மறுகோடியில், மூச்சுத்திணறலோடு வந்த இன்னொருவரிடம் இருந்தேன். திரும்பியபோது மணி 2.50. சார்ட்டைப் பார்த்துவிட்டு, ‘டாக்டரிடம் சொன்னாயா?’ என்று கேட்டேன். ‘இல்லை அக்கா. கை சில்லென்று இருந்தது, எனக்கு மனசே சரியில்லை. ஆனால் மேல் அளவு நூறு இருக்கிறதே, இதற்காகவா எழுப்பினாய் என்று கேட்பாரோ என்று இருந்துவிட்டேன்’ என்றார்.

மருத்துவர் வந்து திரவத்தின் அளவை மாற்றினார். இளைஞர் நான்காம் நாள் நடந்தே வீடு போனார். ஆனாலும் ஐம்பது நிமிடம் போனது போனதுதான். இந்த நோயில் அது சிறிய காலம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் பொறுப்பு அவருடையது மட்டும் அல்ல. அன்று இருபத்திரண்டு நோயாளிகளுக்கு இரண்டே செவிலியர். அதற்கு முந்தைய வாரம், ஒரு சாதாரணக் காய்ச்சலுக்கு அழைத்ததற்காக அவர் நோயாளிகள் முன்னாலேயே கடிந்துகொள்ளப்பட்டிருந்தார். அப்போது அருகில் இருந்த நானும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். ஒருமுறை அப்படிக் கேட்டவருக்கு மறுமுறை அழைக்கக் கை வராது.

கவனிப்பதில் அவர் இந்தக் கட்டத்தில் எதிர்பார்ப்பதற்கும் மேல். தெரிவிப்பதில் எதிர்பார்ப்புக்குக் கீழ். இதைச் சராசரியாக்கி ‘திருப்திகரம்’ என்று எழுதினால் அவருக்கும் பயனில்லை, நோயாளிக்கும் பயனில்லை.

பதிவு

நீர் வரவு செலவுக் குறிப்பில் முன்னேற்றம் தேவை. எலிக்காய்ச்சலால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு மணிக்கு ஒரு முறை சிறுநீர் அளக்கச் சொல்லியிருந்தது. ஆறு மணி நேரக் குறிப்பும் ஒரே மையில், ஒரே சாய்வில், 50, 50, 50 என்று இருந்தது. அளந்தது உண்மை, நானே பார்த்தேன். ஆனால் துண்டுக் காகிதத்தில் குறித்து, ஷிஃப்ட் முடிவில் தோராயமாக்கிச் சார்ட்டில் ஏற்றியிருக்கிறார். அறுபது கிலோ எடையுள்ள அவருக்கு மணிக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் மருத்துவரை அழைக்க வேண்டும். தோராயக் கணக்கில் அந்த எல்லை காணாமல் போய்விடும். சொன்ன பிறகு திருந்தியிருக்கிறார், ஆனால் கூட்டம் அதிகமான நாளில் பழைய பழக்கம் திரும்புகிறது.

நோயாளியும் குடும்பமும்

பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்மணி ஒருவர், கணவருக்கு வீட்டில் இன்சுலின் போடக் கற்க வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அவருக்குச் சிரமம். கயல்விழி ஒரு சிரிஞ்சில் சரியான கோட்டில் சிவப்பு நகச்சாயத்தால் அடையாளமிட்டுக் காட்டி, மூன்று நாள் அவரையே செய்யவைத்துப் பார்த்தார். ‘புரிந்ததா?’ என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ‘எனக்குச் செய்து காட்டுங்கள்’ என்றே சொன்னார். இதை நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

அடுத்த மூன்று மாதம்

மழைக்காலம் வருகிறது. டெங்கு, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி மூன்றும் இந்த வார்டுக்கு வரும் மாதங்கள் இவை. புயல் எச்சரிக்கை வந்தால் ஆள் குறையும். திட்டம் இதையும் கணக்கில் வைத்து எழுதப்பட்டது.

அக்டோபர் முழுதும் ஒரே வேலைதான்: அழைப்பது. மூச்சு நிமிடத்துக்கு 25 அல்லது அதற்கு மேல், ஆக்ஸிஜன் அளவு 91 அல்லது அதற்குக் கீழ், மேல் இரத்த அழுத்தம் 90 அல்லது அதற்குக் கீழ், நாடி 131 அல்லது அதற்கு மேல், டெங்கு நோயாளியிடம் அழுத்த இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ்: இவற்றில் ஒன்று வந்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் மருத்துவருக்கு அழைப்பு போக வேண்டும். எண் எல்லாம் சரியாக இருந்து மனம் சரியில்லை என்றாலும் என்னை அழைக்க வேண்டும். சொல்லும் முறை நான்கு வாக்கியம்: யார், எதற்காகச் சேர்ந்தவர், இப்போது என்ன மாறியிருக்கிறது, எனக்கு என்ன வேண்டும். நான்காவது வாக்கியத்தைத்தான் அவர் விழுங்கிவிடுகிறார். ‘நீங்கள் வந்து பார்க்க வேண்டும்’ என்று முடிக்கப் பழக வேண்டும். வாரம் இரு முறை, ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம், நான் மருத்துவராக இருந்து அவரை அழைக்கச் சொல்வேன். இந்த மாத இரவுப் பணியில் அவருக்கு எட்டு நோயாளிக்கு மேல் வேண்டாம்.

நவம்பரில் தீவிரக் கண்காணிப்புப் பகுதியில் இரண்டு வாரம். இரத்தம் ஏற்றுவதை மூன்று முறை மேற்பார்வையில் செய்ய வேண்டும், முதல் பதினைந்து நிமிடம் கட்டிலை விட்டு நகராமல். பாம்புக்கடிக்கு இரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் இருபது நிமிடச் சோதனையைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில், ஆட்டாமல் அசைக்காமல் செய்யக் கற்க வேண்டும். விஷமுறிவு மருந்து ஏறும்போது ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் எங்கே இருக்கிறது என்று தேடும் நிலை இருக்கக் கூடாது. மருந்து தொடங்குமுன்பே அது தட்டில் இருக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நீர்க் குறிப்புகளை முன்னறிவிப்பு இல்லாமல் பார்ப்பேன். அந்தந்த மணியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

டிசம்பரில் அரை வார்டுப் பொறுப்பு, மூத்த செவிலியர் ஒருவர் அதே தளத்தில் இருக்க. ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்பை அவரே நடத்துவார். தொடர்ந்து ஆறு இரவுப் பணியில் அழைக்க வேண்டிய எந்த மாற்றமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டாமல் இருந்தால், ஜனவரி முதல் தனிப் பொறுப்புக்குப் பரிந்துரைப்பேன். இல்லையென்றால் காலத்தை ஒரு மாதம் நீட்டிக் கேட்பேன். அதைத் தண்டனையாகப் பதிய வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

கண்காணிப்பாளரிடம் இரண்டு வேண்டுகோள். அக்டோபர் இரவுகளில் இந்த வார்டுக்கு மூன்றாவது செவிலியர் வேண்டும். அடுத்து, இரவில் செவிலியர் அழைத்தால் கடிந்துகொள்ளக் கூடாது என்பதை மருத்துவர்கள் கூட்டத்தில் நீங்களே சொல்ல வேண்டும். இவை நடக்காமல் கயல்விழியை மட்டும் மாறச் சொல்வது முறையாகாது.

மதிப்பிடப்பட்டவரின் குறிப்பு (அவர் கையெழுத்தில்): ‘முழுவதும் படித்தேன். டெங்கு நோயாளி பற்றி எழுதியது சரி. நீர்க் குறிப்பு கூட்ட நாளில் மட்டும்தான் தவறுகிறது என்பது என் கருத்து; அதையும் சரிசெய்கிறேன். திட்டத்துக்குச் சம்மதம். பாம்புக்கடிச் சோதனையை நவம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே கற்றுத்தர வேண்டுகிறேன்.’

ஏற்றுக்கொண்டேன். அக்டோபர் முதல் வாரத்திலேயே தொடங்குவோம். அடுத்த சந்திப்பு 31 அக்டோபர் 2025, பிற்பகல் 2.30, வார்டு அறை.

வழிகாட்டிச் செவிலியர்
30 செப்டம்பர் 2025