இன்றைய பேச்சாளர் அறிமுகம்

எல்லாரும் உட்கார்ந்தாயிற்றா? பின்னால் நிற்பவர்கள் தாராளமாக முன்னால் வரலாம், முன்வரிசை வழக்கம்போலக் காலியாகத்தான் இருக்கிறது.

சரி, ஆரம்பிக்கலாம். இன்றைய பேச்சாளர் ஒரு பாலப் பொறியாளர், பெயர் உங்கள் கையில் உள்ள நிகழ்ச்சித் தாளில் இருக்கிறது. அவரோடு வேலை பார்த்த யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதனால் நானும் மேடம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

அறிமுகத்துக்கு ஏதாவது குறிப்பு அனுப்புங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். அரைப் பக்கம் வந்தது. பொதுவாக இந்தக் குறிப்புகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், விருது, பதவி, பொன்னாடை. இதில் நாலாவது வரி இப்படி இருந்தது: "2006, நடைபாலம், திறந்த மூன்றாம் நாள் மூடப்பட்டது." உடனே போன் போட்டேன், மேடம், இதை மேடையில் வாசிக்கத்தான் வேண்டுமா என்று. "நீங்க வாசிக்கலேன்னா முதல் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். வாசிச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடுங்க" என்றார். ஆகவே வாசித்துவிட்டேன். ஆனால் அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால் முதல் மூன்று வரிகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டால் இந்த நாலாவது வரிக்கு அர்த்தமே இல்லை.

மேடம் வேலைக்குச் சேர்ந்தது 1991-ல், டிசைன் அலுவலகத்தில் அல்ல, சைட்டில். முதல் இரண்டு வருடம் பைல் சோதனை, பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்களைச் சோதிப்பது. பைல்மேல் மேடை கட்டி, அதில் மூட்டை மூட்டையாக எடை ஏற்றி, பைல் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்று டயல் கேஜைப் பார்த்து ராத்திரி முழுக்க நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வேலை, செய்தவர்களுக்குத்தான் அந்தத் தூக்கம் தெரியும். அதற்கப்புறம் டிசைன் பிரிவு. 12 வருடத்தில் 14 வாகனப் பாலங்கள். அந்தப் பதினான்கையும் பற்றி இதுவரை யாரும் பேசியதில்லை, தினமும் மேலே லாரி போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நடைபாலம். திறந்த அன்றைக்குக் கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடியது. விழவில்லை, விரிசல் விடவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் ஜனங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற படம் மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது, மூன்றாம் நாள் பாலத்தை மூடினார்கள், 14 மாதம் மூடியே இருந்தது. ஊஞ்சல் பாலம் என்று பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

காரணம் நம் துறைக்குத் தெரிந்ததுதான். நாம் நடக்கும்போது நொடிக்குச் சுமார் இரண்டு அடி எடுத்து வைக்கிறோம், ஒரு அடி இடப்பக்கம் தள்ளும், அடுத்தது வலப்பக்கம் தள்ளும், ஆக பக்கவாட்டு உந்துதல் நொடிக்கு ஒரு சுற்று. பாலத்தின் சொந்த அலைவும் அதன் அருகில் வந்துவிட்டால் லேசாக ஆட்டம் கொடுக்கும், அந்த ஆட்டத்தில் விழாமல் இருக்க நடப்பவர்கள் தங்களை அறியாமலே அதே தாளத்தில் கால் வைப்பார்கள், ஆட்டம் இன்னும் கூடும். லண்டன் மில்லேனியம் பாலத்தில் 2000 ஜூனில் இதுதான் நடந்தது, திறந்து இரண்டே நாளில் மூடி, 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள். அதாவது மேடம் தன் பாலத்தை வரையும்போது இது தெரியாத விஷயம் இல்லை, கட்டுரைகள் வெளிவந்திருந்தன. அவர் செங்குத்து அதிர்வைக் கணக்கிட்டார், பக்கவாட்டைச் சரிபார்க்கவில்லை. அதைவிட அவருக்கு உறுத்தல் வேறொன்று. முதல் நாள் நிருபர்களிடம், எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம் என்று சொல்லிவிட்டார். ஆறு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, நான் சொன்னது தவறு, கூட்டத்தின் மேல் குற்றமில்லை, கணக்கு என்னுடையது என்று திருத்திச் சொன்னார். அந்தத் திருத்தம் ஐந்தாம் பக்கத்தில் நாலு வரியாக வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது என் ஆதங்கம், அவருடையது அல்ல.

இதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அப்போது நான் மாணவன். பாலத்தில் ஆட்டத்தை அடக்கும் டேம்பர்கள் பொருத்துவதற்கு முன்னால் ஆட்களை நடக்கவிட்டுச் சோதித்தார்கள், முதுகில் எண் ஒட்டிக்கொண்டு நடந்தவர்களில் நான் 131. பத்துப் பத்துப் பேராக ஏற்றினார்கள். நூறு பேர், ஒன்றும் இல்லை. நூற்று நாற்பது, ஒன்றும் இல்லை, எங்களுக்குப் போரடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த பத்துப் பேர் ஏறியதும் கால் தானாகவே விலகி விழுந்தது, படகில் நிற்பது மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூடவே இல்லை, ஒரு எண்ணிக்கையைத் தாண்டியதும் சட்டென்று வந்தது. கரையில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் மேடம்தான். அந்தச் சோதனை முடிவுகளை, தன் முதல் கணக்கில் எந்தப் பக்கத்தில் எது விடுபட்டது என்பதோடு சேர்த்து, அவரே வெளியிட்டார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரம் கொடுக்கும் தாள்களில் அது ஒன்று. பாலம் இன்று திறந்திருக்கிறது, ஆடுவதில்லை.

நாலாவது வரி முடிந்தது.

ஐந்தாவது வரிதான் நாம் இன்றைக்கு இங்கே கூடியிருப்பதற்குக் காரணம். டிசைன் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய மேடம், 2008 முதல் பழைய பாலங்களை ஆய்வு செய்யும் வேலைக்கு வந்தார். புதுப் பாலத்துக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கும், பழைய பாலத்தின் அடியில் தவழ்ந்துபோய், தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் பேரிங் நகர்கிறதா இல்லை துருப்பிடித்து இறுகிப்போய்விட்டதா என்று பார்க்க ஆள் கிடைக்காது. இதுவரை நானூறுக்கும் மேல் பார்த்திருக்கிறார். எக்ஸ்பான்ஷன் ஜாயின்டில் மண் அடைத்திருப்பது, மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு தண்ணீர் தூண் தலையில் வழிவது, கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து உப்பி மேற்பூச்சைத் தள்ளுவது, இந்த மாதிரி யாரும் படம் எடுக்காத விஷயங்கள்.

இவை எவ்வளவு பெரிய விஷயங்கள் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1967 டிசம்பரில் அமெரிக்காவில் ஒஹாயோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். காரணம், தொங்கு சங்கிலியின் ஒரே ஒரு இரும்புக் கண்ணியில், மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத விரிசல். அதற்குப் பிறகுதான் அங்கே நாடு முழுவதும் பாலங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதிகள் வந்தன. பார்க்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது, சரி, எதைப் பார்க்க வேண்டும், எங்கே கை வைக்க வேண்டும், எந்தச் சத்தத்துக்குக் காது கொடுக்க வேண்டும்? மேடம் இன்றைக்குப் பேசப்போவது அதைத்தான். தலைப்பு, "சுத்தியலால் தட்டிப் பார்ப்பது". சுத்தியலை நிஜமாகவே கொண்டுவந்திருக்கிறார், மேசைக்கு அடியில் இருக்கிறது.

பேச்சு முக்கால் மணி நேரம், அப்புறம் கேள்விகள். நடைபாலத்தைப் பற்றியும் கேட்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார், ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், முதலில் பேரிங்கைப் பற்றிக் கேளுங்கள். போனை மட்டும் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள், சில ஒலிப்பதிவுகளை ஓடவிடப்போகிறார், நல்ல கான்கிரீட்டுக்கும் உள்ளே பிரிந்துவிட்ட கான்கிரீட்டுக்கும் உள்ள சத்த வித்தியாசம் பின்வரிசை வரை கேட்க வேண்டும்.

மேடம், வாங்க. மைக் உயரம் சரியாக இருக்கிறதா பாருங்கள்.