வண்டி கிளம்பிவிட்டதா?

(ஒருவர் மட்டும் நடிக்கும் நாடகப் பகுதி)

இடம்: பாபநாசத்துக்கும் சுந்தரப்பெருமாள்கோவிலுக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட். ஆண்டு 2017, இரவு. மேசையில் போன், பதிவேடு, கைவிளக்கு. வேலாயுதத்துக்கு அறுபது வயது. நாளை பணி ஓய்வு. பொறுப்பை வாங்கிக்கொள்ள வந்திருக்கும் இளைஞனுக்கு ஒரு காலி நாற்காலி போதும்.

(போன் மணி. வேலாயுதம் எடுக்கிறார்.)

சொல்லுங்கள் சார். சரி. வண்டி கிளம்பிவிட்டதா? இன்னும் இல்லையா? எவ்வளவு நேரம் ஆகும்? சரி சார். கேட் மூடியிருக்கிறது. நம்பர் நான்கு ஏழு, நாற்பத்தேழு.

(வைக்கிறார். பதிவேட்டில் எழுதுகிறார்.)

ஏன் சிரிக்கிறாய்? கிளம்பிவிட்டதா என்று கேட்டேனே, அதற்கா? பயிற்சியில் அப்படிக் கேட்கச் சொல்லித் தரவில்லைதான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டால் கேட்டை மூடு, பூட்டு, இந்தத் தாளில் இருக்கும் அடுத்த நம்பரைக் கொடு, எழுதி வை. அவ்வளவுதான். நம்பரைக் கொடுத்துவிட்டால் வண்டி கடக்கும்வரை கலெக்டரே வந்து நின்றாலும் திறக்கக் கூடாது. அதுவும் சரிதான்.

என்ன சொன்னாய்? சொந்த மச்சானுக்கே கேட் திறக்காதவரா! உனக்குமா சொல்லியிருக்கிறார்கள்? இந்த லைனில் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். உனக்கு எப்படிச் சொன்னார்கள்? பாம்பு கடித்த பையன் காரில் கிடந்தான், மச்சான் காலில் விழுந்தார், வேலாயுதம் அசையவில்லை... காலில் விழவில்லை தம்பி. அது பின்னால் சேர்த்தது. மற்றதெல்லாம் நடந்ததுதான்.

1987, தை மாதம். அப்போது மீட்டர் கேஜ். அறுவடைக் காலம். ராத்திரி எட்டரை மணி இருக்கும். கூட்ஸ் வருகிறது என்று போன் வந்தது. மூடினேன், பூட்டினேன், நம்பர் கொடுத்தேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் வடக்கே இருந்து ஒரு அம்பாசிடர். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டே வந்தது. மச்சான் இறங்கி ஓடி வந்தார். என் மனைவியின் அண்ணன். பின் சீட்டில் அவர் மகன், பதினான்கு வயது. வைக்கோல் போரில் கை வைத்திருக்கிறான். நல்ல பாம்பு. கும்பகோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டுவார்கள். கை நாவற்பழம்போல ஆகிவிட்டிருந்தது. பையன் அழவில்லை. "மாமா" என்றான். தூக்கம் வருகிறவன் மாதிரி இமை பாதி இறங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, திறங்கள்" என்றார் மச்சான். "வண்டி வருகிறது, திறக்க முடியாது" என்றேன். சத்தம் போட்டார். கம்பியைப் பிடித்து உலுக்கினார். அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டார். நான் சாவியின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு நிமிடம். கூட்ஸ் போயிற்று. திறந்தேன். கார் பறந்தது.

பையன் பிழைத்துக்கொண்டான். இரண்டு விரலை எடுக்கவேண்டி வந்தது. தாமதத்தால் இல்லை, கட்டு இறுக்கமாக இருந்ததால்தான் என்று டாக்டரே சொன்னாராம். ஒரு வாரம் கழித்து மச்சான் என்னைத் தேடி வந்தார். நான் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்பட்டுத் திறந்திருந்தால் எங்கள் கார் தண்டவாளத்தில் நின்றிருக்கும். நீங்கள் கடமையைச் செய்தீர்கள்" என்றார். அன்றிலிருந்து அவர் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் பத்திரிகை எனக்கு. மேலதிகாரிகளுக்கும் தெரிந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

நீ கேள்விப்பட்டது இதுவரைதான். இல்லையா?

(பதிவேட்டை மூடுகிறார்.)

அது நீராவி இன்ஜின், தம்பி. ஸ்டேஷனில் இருந்து கிளம்பும்போது நீளமாக ஊதும். ராத்திரியில், காற்று இந்தப் பக்கம் அடித்தால், இந்த வாசலில் நின்றே கேட்கலாம். அன்றைக்குக் காற்று இந்தப் பக்கம்தான் அடித்தது. கார் வந்து நின்றபோது வண்டி ஊதியிருக்கவில்லை.

புரிகிறதா? வண்டி ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஓடிப்போய் இந்தப் போனைச் சுற்றியிருக்கலாம். "சார், பாம்புக்கடி கேஸ், வண்டி கிளம்பிவிட்டதா" என்று கேட்டிருக்கலாம். கிளம்பவில்லை என்றால் மாஸ்டர் வண்டியை நிறுத்திவைத்து, கொடுத்த நம்பரை ரத்து செய்துவிட்டுத் திறக்கச் சொல்லியிருப்பார். மாட்டேன் என்றும் சொல்லியிருப்பார். அது அவர் பாடு. கேட்பது என் பாடு.

நான் கேட்கவில்லை.

பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. என் மனைவி அரிசி மாவுக் கையோடு வெளியே ஓடி வந்தாள். காரைப் பார்த்தாள். கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்களேன்" என்றாள். இந்த வேலையில் பத்து நாள்கூட இருந்திராத அவளுக்குத் தோன்றியது. நான் அவளிடம், "விதி தெரியாமல் பேசாதே" என்றேன்.

ஏன் என்றா கேட்கிறாய்?

எங்கள் கல்யாணப் பந்தியில் நான் என் சித்தப்பாவோடு முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. மச்சான் வந்து சித்தப்பாவின் தோளைத் தொட்டு எழுப்பினார். யாரோ மிராசுதார் வந்துவிட்டாராம். "கேட்காரர் வீட்டு ஆட்களுக்கு இரண்டாம் பந்தி போதும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சித்தப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். அவர்தான் என்னை வளர்த்தவர்.

அந்த இரவு மச்சான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டபோது, எனக்குச் சித்தப்பா வேட்டியை உதறியது தெரிந்தது. பையனின் முகமும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. கேட்காரன் யார் என்று இப்போது தெரிகிறதா என்று மனதுக்குள் கேட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் வண்டி ஊதியது. ஊதியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி யாரும் என்னைக் கேட்க முடியாது, விதி என் பக்கம்.

என் மனைவி தன் அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. என்னிடமும் மறுபடி கேட்கவில்லை. பாராட்டுக் கடிதத்தை மாட்ட நான் ஆணி அடித்தபோது, சுத்தியலை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முப்பது வருடமாக அந்தக் கடிதத்தின்மேல் படிந்த தூசியை நான்தான் துடைக்கிறேன். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அவள் துடைக்கிறாள்.

பையன் இப்போது சுவாமிமலைப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறான். மோட்டார் சைக்கிளில் இந்த வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுவான். "மாமா, சாப்பிட்டாயிற்றா?" என்பான். சாப்பிட்டேன் என்பேன்.

நாளைக்கு அவனும் வருகிறான், மச்சானும் வருகிறார். என்னை வழியனுப்ப மச்சான்தான் பேசப்போகிறாராம். எழுதியே வைத்திருக்கிறாராம். என்ன எழுதியிருப்பார் என்று உனக்கே தெரியும். அவர் பேசி முடித்ததும் எனக்கு மாலை போடுவார்கள். பிறகு நான் பதில் சொல்ல வேண்டும். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

(தூரத்தில் டீசல் இன்ஜினின் ஹார்ன். நிமிர்கிறார்.)

இப்போதுதான் கிளம்புகிறது. விளக்கை எடுத்துக்கொண்டு நீ போய் நில். கம்பிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துச் சொல்.