ஃபில்டர் காப்பித்தூள், 80:20 சிக்கரி: தவணை டெலிவரி, டின் ரீஃபில் (கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா)

செந்தூலில் எங்கள் கடையிலேயே திங்களும் வியாழனும் கொட்டை வறுத்து, மறுநாள் காலை அரைத்து, அன்றே வேனில் ஏற்றுகிறோம். அரபிக்காவும் ரொபஸ்டாவும் கலந்த கொட்டை, அதில் 20 விழுக்காடு சிக்கரி. சிக்கரியே வேண்டாம் என்பவர்களுக்குத் தனியாக அரைத்துத் தருவோம், விலை அதேதான். பித்தளை ஃபில்டரா ஸ்டீல் ஃபில்டரா என்று சொல்லுங்கள், துளைக்கு ஏற்ற மாதிரி அரைப்போம்.

விலை: ஒரு முறை மட்டும் வாங்கினால் 250 கிராம் 18 ரிங்கிட், 500 கிராம் 34 ரிங்கிட், டெலிவரிக்குத் தனியாக 5 ரிங்கிட். தவணையில், அதாவது சில வாரத்துக்கு ஒரு தடவை என்று தொடர்ந்து எடுத்தால் 250 கிராம் 16.50, 500 கிராம் 31, டெலிவரி இலவசம். முதல் தடவை டின்னுக்கு 15 ரிங்கிட் முன்பணம் உண்டு. அது உங்கள் பணம்தான், டின்னைத் திருப்பித் தரும் நாளில் கைக்கு வந்துவிடும், லேசாக நசுங்கியிருந்தாலும் பிடித்தம் இல்லை. அடுத்த தடவையிலிருந்து காலி டின்னை வாசலிலோ கொண்டோ கார்ட் ஹவுஸிலோ வைத்தால் போதும், நிறைந்த டின்னை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொள்வோம். வைக்க மறந்தால் தூளைப் பாக்கெட்டில் தருவோம், கூடுதல் காசு கிடையாது.

எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை?

1, 2, 3, 4 வாரம், இந்த நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். ஒரு டம்ளர் காப்பிக்குச் சுமார் 10 கிராம் தூள் போகும். வீட்டில் இரண்டு பேர், பசியாறும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 40 கிராம், ஆக 500 கிராம் 12 நாளில் காலி. அவர்களுக்கு 2 வாரம் சரி, கடைசி இரண்டு நாள் தேத்தண்ணி குடித்துச் சமாளிக்கலாம். ஒரே ஆள், தினமும் ஒரே டம்ளர் என்றால் 250 கிராம், 4 வாரம். மலிவாக இருக்கிறதே என்று அவர் 500 கிராம் எடுத்தால் ஏழு வாரத்துக்கு வரும், ஆனால் திறந்த தூளில் நாளாக நாளாக மணம் போய்விடும், கசப்புதான் மிஞ்சும். அதனால்தான் 500 கிராமுக்கு 4 வார இடைவெளியை நாங்கள் வைக்கவே இல்லை. மிச்சமிருக்கிறதே என்று ஃபிரிஜ்ஜில் வைத்து எடுத்து எடுத்துத் திறக்காதீர்கள், ஈரம் கோர்த்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை செந்தூல், கெப்போங், செகாம்புட் பக்கம், வெள்ளிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ், பங்சார், பழைய கிள்ளான் சாலை, பெட்டாலிங் ஜெயா. தைப்பூசத்துக்கு ரதம் போகும் நாட்களில் வேன் எங்கேயும் நகராது, அந்த வாரம் முன்கூட்டியே கொடுத்துவிடுவோம், தேதியை வாட்ஸ்அப்பில் சொல்வோம்.

பணம்: டெலிவரிக்கு முந்தைய நாள் காலை கார்டில் எடுப்போம், அல்லது டுயிட்நவ் கியூஆர் அனுப்புவோம். அதற்கு இரண்டு நாள் முன்பே நினைவூட்டல் வரும். சொல்லாமல் கொள்ளாமல் பணம் எடுக்கிற வேலை இங்கே இல்லை.

தள்ளிவைக்க, நிறுத்த

ஊருக்குப் போகிறீர்களா, டின்னில் இன்னும் பாதி இருக்கிறதா? ‘தள்ளு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு சொல் அனுப்புங்கள். செவ்வாய் டெலிவரிக்கு ஞாயிறு இரவு 9 மணிக்குள், வெள்ளி டெலிவரிக்குப் புதன் இரவு 9 மணிக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் கொட்டை வறுபடத் தயாராகிவிடும், அந்த ஒரு தடவைக்கு மட்டும் நீங்கள் பணம் கட்ட வேண்டும். எத்தனை தடவை தள்ளினாலும் கட்டணம் இல்லை.

நிறுத்தவும் அப்படித்தான், ‘நிறுத்து’ என்றால் நிறுத்திவிடுவோம், நேரக்கெடுவும் அதேதான். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டோம். குறைந்தது இத்தனை மாதம் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் ஒரு தண்ணீர் ஃபில்டர் தவணையை நிறுத்த நாலு தடவை போன் போட்டு, ஒவ்வொரு தடவையும் வேறொரு ஆளிடம் அதே கதையைச் சொல்லி நொந்துபோனவன், அந்த எரிச்சலை என் வாடிக்கையாளருக்குக் கொடுக்க மனசில்லை.

ஆறு டெலிவரிக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் 500 கிராம் 29 ரிங்கிட் வீதம் 174 ரிங்கிட். நடுவில் நிறுத்தினால், வாங்கிய டின்களை 31 ரிங்கிட்டாகக் கணக்கிட்டு மீதியைத் தருவோம். இரண்டு டின்னோடு நிறுத்தினால் 174-இல் 62 போக 112 ரிங்கிட், 7 வேலை நாளுக்குள் உங்கள் கணக்கில் வரும்.

விலை ஏறினால்?

2024-இல் கொட்டை விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்த பிறகு ‘என்றைக்கும் இதே விலை’ என்று எழுத எனக்குத் துணிவில்லை. நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்கு விலை மாறாது. அதன் பிறகு மாற்றினால் 14 நாள் முன்பே பழைய விலை, புதிய விலை இரண்டையும் எழுதி அனுப்புவோம், நீங்கள் ‘சரி’ என்று பதில் போட்டால்தான் புதிய விலையில் டின் வரும். பதில் இல்லையென்றால் தவணை நின்றுவிடும். முன்பணம் கட்டியவர்களுக்கு அந்த ஆறு டின்னும் கட்டிய விலைக்கே.

டின் திறந்திருந்தாலோ, அரைத்த பதம் தப்பாக இருந்தாலோ, 3 நாளுக்குள் ஒரு படம் அனுப்புங்கள், அடுத்த வேனில் புது டின் வரும்.