டிக்கெட் 1184: சரக்கு இருப்பு இரண்டு தடவை கழிந்தது பற்றி

முனியசாமி தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய டிக்கெட்டையும் மூன்று படங்களையும் பார்த்தேன். 8 மி.மீ. நைலான் கயிறு மைனஸ் 64 கிலோ என்று நிற்கிறது. ஈயக்குண்டும் மிதவையும் அதே கதை. தடைக்காலம் நாளையோடு முடிகிறது, விசைப்படகுக்காரர்கள் எல்லாம் கடையில் நிற்கிறார்கள், "ஸ்டாக் இல்லை" என்று பில்லே போட விடவில்லை. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. அதனால் முதலில் அவசரத்துக்கு ஒரு வழி சொல்லிவிடுகிறேன்.

செட்டிங்ஸ் பக்கத்தில் "இருப்பு இல்லாவிட்டாலும் பில் அனுமதி" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யுங்கள், பில் போடலாம். இதனால் கணக்கில் எதுவும் மாறாது, எச்சரிக்கை மட்டும் வராது. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: "ஸ்டாக் அட்ஜஸ்ட்" பக்கத்துக்குப் போய் கயிறு 64 கிலோ கூட்டிவிட வேண்டாம். இருப்புப் பதிவில் இரட்டையாக விழுந்த வரிகளை நான் எடுக்கும்போது அந்த 64-ம் சேர்ந்துகொள்ளும். அப்புறம் இல்லாத கயிறு இருப்பதாகக் காட்டும்.

இனி, இன்றைக்கே ஏன் சரிசெய்யவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை 12ஆம் தேதி சாயங்காலம் 4.40-க்கு கரண்ட் போனது, யூபிஎஸ் தாங்கவில்லை, கம்ப்யூட்டர் அணைந்தது. பில் போட்டவுடன் இருப்பில் கழிப்பது ஒரு வேலை. "இந்தப் பில்லைக் கழித்தாகிவிட்டது" என்று குறித்துக்கொள்வது இன்னொரு வேலை. நம் மென்பொருள் முதல் வேலையை உடனே செய்கிறது, இரண்டாவதை அரை மணிக்கு ஒரு தடவை மொத்தமாகச் செய்கிறது. கரண்ட் போனபோது 3302 முதல் 3332 வரை 31 பில்கள் கழிக்கப்பட்டுவிட்டன, குறிக்கப்படவில்லை. திரும்ப ஆன் செய்தபோது அது அந்த 31-ஐயும் புதிதாக வந்தவை என்று நினைத்து மறுபடி கழித்துவிட்டது. தப்பு உங்கள் கையில் இல்லை. இது எங்கள் பக்கத்துக் குறை, அதைத் தனியாகத் திருத்துகிறோம்.

பில் பதிவேடு சரியாகவே இருக்கிறது. இருப்புப் பதிவு மட்டும்தான் இரட்டை. ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1 ஜூலை 11-க்குள் போனால் போதும், அதுவும் பில்லை வைத்துத்தான் போகும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கம்ப்யூட்டர் படிக்கும் உங்கள் மச்சினன் எழுதித் தந்ததாக நீங்கள் அனுப்பிய கமாண்டைப் பார்த்தேன். நல்ல பையன்தான், ஒரே மாதிரி இரண்டு வரி இருந்தால் ஒன்றை நீக்கச் சொல்கிறான்:

```sql
DELETE a FROM stock_moves a
JOIN stock_moves b
  ON a.bill_no = b.bill_no
 AND a.item_code = b.item_code
 AND a.qty = b.qty
 AND a.id > b.id;
```

எழுத்தில் பிழை இல்லை, ஓடும். அதுதான் பயம். உங்கள் கடையில் ஒரே பில்லில் ஒரே பொருள் ஒரே அளவில் இரண்டு தடவை வருவது உண்டு. பில் 3311-ஐ எடுத்துப் பாருங்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே பில், கயிறு 10 கிலோ, கீழே மறுபடி கயிறு 10 கிலோ. பிரித்துக் காட்ட நீங்களே அப்படிப் போட்டீர்கள். இப்போது அங்கே நான்கு வரி இருக்கிறது, இரண்டு இருக்க வேண்டும், இந்தக் கமாண்ட் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். அந்த 31 பில்களில் இப்படி நான்கு இருக்கின்றன. 118 வரி போக வேண்டிய இடத்தில் 122 போகும்.

அதைவிடப் பெரிது, கமாண்டில் தேதியே இல்லை. அது நான்கு வருடப் பதிவையும் அலசும். நான் எண்ணிப் பார்த்ததில் (பார்ப்பதற்கான கமாண்ட்தான், எதையும் மாற்றாது) 640-க்கு மேற்பட்ட பழைய, நியாயமான வரிகளும் காணாமல் போயிருக்கும். திங்கட்கிழமை காலையில் கடையில் இல்லாத சரக்கெல்லாம் திரையில் இருக்கும்.

பையனைக் குறை சொல்லவில்லை. நான் எழுதிய கமாண்டையும் நான் நம்பவில்லை. கரண்ட் வந்த பிறகு அந்த 31 பில்களுக்கு விழுந்த வரிகளை மட்டும் எடுத்தால் போதும் என்று நினைத்தேன். எத்தனை என்று எண்ணச் சொன்னேன்:

```sql
SELECT COUNT(*) FROM stock_moves
WHERE bill_no BETWEEN 3302 AND 3332
  AND posted_at >= '2025-06-12 16:50:00';
```

118 வர வேண்டும். 119 வந்தது. ஒரு வரி எங்கிருந்து முளைத்தது என்று தேடினால், பில் 3319-க்கு 6.10 மணிக்கு மிதவை ஒரு கட்டு திரும்பி வந்ததாகப் பதிவு இருக்கிறது. யாரோ நிஜமாகவே திருப்பித் தந்திருக்கிறார்கள். அவசரத்தில் ஓட்டியிருந்தால் அதையும் சேர்த்து நீக்கியிருப்பேன். அந்த ரிட்டர்ன் உண்மைதானா என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் கடையில் பாதிக்கு மேல் பற்றுக் கணக்கு. இருப்புப் பதிவிலிருந்து விற்பனைப் பதிவு ஒன்று நீங்கினால் தானாக வேலைசெய்யும் ஒரு ட்ரிக்கர் உள்ளே இருக்கிறது: சரக்கு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்து, படகுக்காரரின் பற்றில் அந்தத் தொகையைக் கழிக்கும். பில் ரத்து செய்யும்போது இது நல்லது. இப்போது ஆபத்து. 118 வரியை எடுத்தால் இருப்பு சரியாகும், ஆனால் அந்த 31 பில்களில் பற்றுக்கு வாங்கியவர்களின் பாக்கி சத்தமில்லாமல் குறையும். யாரும் வந்து "எனக்குக் குறைவாகக் காட்டுகிறதே" என்று சொல்லப் போவதில்லை. முதலாளி ஆடி மாதம் வசூலுக்கு உட்காரும்போதுதான் தெரியும்.

அதனால் ட்ரிக்கரைக் கழற்றிவைத்து, வரிகளை நீக்கி, மறுபடி மாட்ட வேண்டும். மாட்ட மறந்தால் அடுத்த வாரம் ரத்தாகும் பில்கள் பற்றில் கழியாது. இந்த வரிசையை ஒரு தடவையாவது ஒத்திகை பார்க்காமல் உங்கள் ஓடும் கணக்கில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. வல்லத்துக்குக் கலப்பத்து அடித்தால் கரையோரத் தண்ணீரில் இறக்கிப் பார்த்துத்தானே கடலுக்கு விடுவார்கள்.

"தப்பானால் பழையபடி ஆக்கிவிடலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் முடியும். உங்கள் டேபிள்கள் பழைய MyISAM வகை. அதில் `ROLLBACK` என்று அடித்தாலும் எதுவும் திரும்பாது, ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில வருடம் முன்பு வேறொரு கடையில் சோப்பு விலையை மாற்றப் போய், எந்தப் பொருளுக்கு என்ற வரியை விட்டுவிட்டேன். 2,300 பொருளும் 38 ரூபாய் ஆனது. `ROLLBACK` அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. முந்தின இரவு பேக்கப்பைப் போட்டு, அன்றைய பில்களைத் தாளைப் பார்த்து ராத்திரி இரண்டு மணி வரை நானும் அந்தக் கடைப் பையனும் மறுபடி அடித்தோம். உங்கள் கடையில் இந்த வாரம் ஒரு நாள் பில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

போன வருடம் ஐஸ்பெட்டி விலையை போனிலேயே இரண்டு நிமிடத்தில் மாற்றித் தந்தேனே என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். அது ஒரே வரி, பழைய விலையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு மாற்றினேன். இது அப்படி இல்லை.

ஆகவே செய்யப்போவது: இன்று இரவு 9.30-க்கு நீங்கள் ஷட்டர் இறக்கிய பிறகு முழுக் கணக்கையும் நகல் எடுக்கிறேன். கடை ஓடும்போது எடுத்தால் டேபிளைப் பூட்ட வேண்டியிருக்கும், பில் நின்றுவிடும். பூட்டாமல் எடுத்தால் பாதி பில் உள்ள நகல் வரும். நகலை ராமநாதபுரத்தில் எங்கள் கம்ப்யூட்டரில் போட்டு, ட்ரிக்கர் உட்பட எல்லாம் வந்திருக்கிறதா பார்த்து, அதில் ஓட்டிப் பார்ப்பேன். படகுக்காரர்களின் போன் நம்பரை நகலில் முதலிலேயே அழித்துவிடுவேன். சோதனைக் கணக்கிலிருந்து யாருக்காவது "உங்கள் பாக்கி" என்று மெசேஜ் போய்விடக் கூடாது. இந்த நகலை உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் போடவே மாட்டேன். தெரியாமல் அதில் பில் போட ஆரம்பித்துவிட்டால் அது வேறு கூத்து.

நகலில் மூன்று விஷயம் ஒத்துவர வேண்டும். நீங்கிய வரி சரியாக 118. மொத்தப் பற்று பாக்கி முன்னும் பின்னும் பைசா மாறாமல் இருக்க வேண்டும். நீங்கள் கையால் எண்ணித் தரும் இருப்பும் திரையும் ஒன்றாக வேண்டும். ஒத்துவந்தால் நாளை சனிக்கிழமை இரவு, புதிதாக ஒரு பேக்கப் எடுத்துவிட்டு, அதே கமாண்டுகளை அதே வரிசையில் உங்கள் கணக்கில் ஓட்டுவேன். ஞாயிறு காலை திறக்கும்போது சரியாக இருக்கும். ஒத்துவராவிட்டால் சனி இரவு தொடமாட்டேன், போன் செய்து காரணம் சொல்வேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இன்று கடை மூடியபின் கம்ப்யூட்டரை அணைக்காமல் விடுங்கள், நெட்டும் இருக்கட்டும். 8 மி.மீ. கயிற்றை எடை போட்டும், ஈயக்குண்டு, மிதவை இரண்டையும் எண்ணியும் எழுதிவையுங்கள். ஷட்டர் இறக்கிய பிறகு எண்ணினால்தான் நகலோடு பொருந்தும். பில் 3319 ரிட்டர்ன் பற்றி ஒரு வரி பதில் போடுங்கள். முதலாளியிடம் இந்தக் கடிதத்தை அப்படியே காட்டலாம், பற்று விஷயம் அவருக்கும் தெரிய வேண்டும்.

யூபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொல்லி மார்ச்சிலேயே சொன்னேன். கடல் காற்றில் டெர்மினல் பச்சை பிடித்திருந்ததை நானே பார்த்தேன். அதற்கு நகலும் வேண்டாம், சோதனையும் வேண்டாம், நாளைக்கே மாற்றிவிடுங்கள்.

சேதுராமன்
13 ஜூன் 2025, மாலை 5.20