பொருள்: 5 லட்சம் ஓவர்டிராஃப்ட் கோரிக்கை – பண வரவு செலவு மதிப்பீடு குறித்த விளக்கம்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் எழுதுபொருள் கடைக்கான நான்கு மாத மதிப்பீட்டை இணைத்துள்ளேன். கடன் வராவிட்டால் நிலவரம் எப்படி இருக்கும் என்பதே அதில் உள்ளது. கையிருப்பு 1.2 லட்சம்.

மாதம் 1: வரவு 4.0, செலவு 4.3, மீதி 0.9
மாதம் 2: வரவு 3.8, செலவு 9.2, பற்றாக்குறை 4.5
மாதம் 3: வரவு 6.4, செலவு 4.1, பற்றாக்குறை 2.2
மாதம் 4: வரவு 9.3, செலவு 4.6, மீதி 2.5
(எல்லாம் லட்சத்தில்)

இரண்டாம் மாதத்தைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும். பள்ளி திறப்புக்கான நோட்டுப் புத்தகங்களுக்கு 5.5 லட்சம் ரொக்கமாகக் கட்டினால்தான் மில் சரக்கு அனுப்பும். பள்ளிகளோ பில் போட்டு 45 நாள் கழித்தே பணம் தருகின்றன. லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் போவது இந்த இடைவெளியால்தான். அதனால் விற்பனையை பில் தேதியில் அல்ல, பணம் கைக்கு வரும் மாதத்தில்தான் எழுதியிருக்கிறேன். தேய்மானம் ரொக்கச் செலவல்ல என்பதால் சேர்க்கவில்லை.

மூன்றாம் மாத வரவில் 2 லட்சம் பள்ளிகளின் பாக்கி. அது ஒரு மாதம் தள்ளிப்போனாலும் மூன்றாம் மாதப் பற்றாக்குறை 4.2 லட்சத்தைத் தாண்டாது. வரம்பில் மிஞ்சும் தொகை வட்டிக்கு. நான்காம் மாதக் கடைசியில் கணக்கு நேராகிவிடும். தவணைக் கடன் தேவையில்லை.

வங்கிக் கணக்கு அறிக்கை, பள்ளிகளின் ஆர்டர் நகல்கள், சரக்கு இருப்புப் பட்டியல் ஆகியவற்றையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்