பட்டுப்புடவைக் கடைத் துண்டுப்பிரசுரம்: ஒற்றை நட்சத்திர ரிவியூவுக்கு என் பதில்

வணக்கம் அண்ணா,

வெள்ளிக்கிழமை கடை திறந்த நேரம், வந்தவர்களிடம் கொடுக்கத் துண்டுப்பிரசுரம் இல்லாமல் நின்றிருக்கிறீர்கள். நான் வடிவமைத்த துண்டுப்பிரசுரம் பிந்தியது, மெசேஜுக்குப் பதில் இல்லை, அச்சில் தமிழ் எழுத்து உடைந்தது என்ற உங்கள் ரிவியூ அந்த அலைச்சலில் எழுதியது என்பது விளங்குகிறது.

முதலில், பிந்தியது. செவ்வாய் தருவதாகச் சொல்லி வியாழன் காலைதான் அனுப்பினேன். சனிக்கிழமை வரவேண்டிய தமிழ், சிங்கள வாசகங்கள் திங்கள் பின்னேரம் கிடைத்தன. அது நம் மெசேஜ்களிலும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கே "இனி வியாழன்தான் முடியும்" என்று நான் எழுதியிருக்க வேண்டும். "சரி அண்ணா, பார்க்கிறேன்" என்று மட்டும் போட்டேன். அதைப் பார்த்து செவ்வாய்க்கே வரும் என்று நீங்கள் நினைத்ததில் பிழையில்லை. பிழை என்னுடையது, மன்னிக்கவும்.

புதன்கிழமை போயா. அன்று முழுக்க உங்கள் வேலையில்தான் இருந்தேன், மெசேஜ் பக்கம் போகவில்லை. ஒரு வரி பதில் போட்டிருக்கலாம்.

எழுத்து உடைந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மறுபடி அச்சடிக்கும்போது உங்களுக்கு இது உதவும். நீங்கள் போட்ட படத்தில் "பட்டு" என்று வரவேண்டிய இடத்தில் gl;L என்று இருக்கிறது. நீங்கள் தந்த வாசகம் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் மறைந்து இப்படி ஆங்கில எழுத்தாகத் தெரியும். இலங்கையில் தமிழ் அச்சு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் ஒருமுறையாவது இதில் மாட்டியிருப்பார்கள்!

வியாழன் இரண்டு ஃபைல் அனுப்பியிருந்தேன். ஒன்று அச்சுக்கான PDF. அதில் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிவிட்டதால் எந்தக் கணினியிலும் உடையாது. மற்றது, பிறகு விலை மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்ட திறந்த ஃபைல். படத்தைப் பார்த்தால் அச்சகத்தில் இரண்டாவதைத் திறந்திருக்கிறார்கள் போலத் தெரிகிறது. எதை எங்கே கொடுப்பது என்று மெசேஜில் எழுதியிருந்தேன், ஆனால் அவசரத்தில் அதை யார் வாசிப்பார்கள்? இப்போது ஃபைலின் பெயரிலேயே "அச்சகத்துக்கு" என்று போடத் தொடங்கிவிட்டேன்.

அந்த PDF இப்போதும் ஓடர் பக்கத்தில் இருக்கிறது. மூன்று மொழியும் சரியாக இருக்கிறதா என்று திறந்து ஒருமுறை பாருங்கள். அச்சகம் வேறு அளவு கேட்டாலும், ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் இடம் கேட்டாலும் காசில்லாமல் மாற்றித் தருகிறேன். உங்கள் அச்சகம் புறக்கோட்டையில் என்றால் எனக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கிட்டத்தான். நானே போய் அவர்களோடு கதைத்து, முதல் தாளைப் பார்த்துவிட்டு வருகிறேன். நட்சத்திரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, அது உங்கள் விருப்பம்.

திங்கள் காலை வசதியா, அண்ணா? நேரத்தை மெசேஜில் போடுங்கள். இந்த முறை உடனே பதில் வரும்.